கூட்டினால் நூறு வருகிறது, கொடுத்தால் நூற்றிருபது ஆகிறது

செம்பாக்கத்தில் இப்போது தெருவுக்கு இரண்டு வீடு இடிபடுகிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அரை கிரவுண்டில் கட்டிய தரைத்தள வீடுகளை இடித்துவிட்டு, கீழே ஒன்று, மேலே ஒன்று என்று கட்டிக்கொள்கிறார்கள். கட்டுபவர்களில் பாதிப் பேர் நம் வயதுக்காரர்கள். கிராஜுவிட்டி, கம்யூட்டேஷன், வங்கியில் முதிர்ந்த டெபாசிட் எல்லாம் அந்த ஒரு வீட்டுக்குள் போகிறது. இரண்டாவது தடவை சம்பாதிக்க முடியாத பணம் அது.

இவர்கள் எதில் கவனம் செலுத்துகிறார்கள் என்று பார்க்கிறேன். சதுர அடி ரேட்டில் ஐம்பது ரூபாய் குறைக்க மூன்று வாரம் பேசுகிறார்கள். எந்தக் கம்பெனிக் கம்பி, எந்த சிமெண்ட், டைல்ஸ் சதுர அடி என்ன விலைக்குள் என்று எழுதி வாங்குகிறார்கள். வாஸ்துக்காரரை இரண்டு முறை வரவழைக்கிறார்கள். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் "பணம் செலுத்தும் முறை" என்று ஒரு பட்டியல் இருக்கிறதே, அதை மட்டும் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. கேட்டால், "எல்லாம் நூறு வரும் சார், எல்லாருக்கும் இதே ஃபார்மட்தான்" என்கிறார்கள். இந்தப் பதிலோடுதான் எனக்குச் சண்டை.

நான் முப்பத்து நான்கு வருஷம் அரசுத் துறை ஒன்றின் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவன். அரசாங்க வேலையில் ஒப்பந்ததாரருக்குப் பணம் எப்படிப் போகும் என்பது தெரியும். பொறியாளர் போய் அளப்பார். எத்தனை கன மீட்டர் கான்கிரீட், எத்தனை சதுர மீட்டர் பூச்சு என்று அளவுப் புத்தகத்தில் எழுதுவார். நாங்கள் எம்-புக் என்போம். அதைப் பார்த்துத்தான் பார்ட் பில் பாஸாகும். முடிந்த வேலைக்கு மட்டும் பணம். வீடு கட்டும் தனி மனிதரிடம் எம்-புக் கிடையாது, அளக்க ஆளும் கிடையாது. அதற்குப் பதிலாகத்தான் இந்தச் சதவீதப் பட்டியல். பேஸ்மென்ட் முடிந்தால் இவ்வளவு, தளம் போட்டால் இவ்வளவு என்கிற அந்த எட்டு வரிதான் உங்கள் எம்-புக். அது தப்பாக இருந்தால், உங்களைக் காப்பாற்ற வேறு காகிதம் இல்லை.

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் நண்பர் ஒருவர் போன வருஷம் கையெழுத்துப் போடுவதற்கு முன் தன் ஒப்பந்தத்தை என்னிடம் கொடுத்தார். பேர் வேண்டாம், ஒப்பந்ததாரர் பேரும் வேண்டாம். கீழே 1,000 சதுர அடி, மேலே 1,000 சதுர அடி. சதுர அடிக்கு 2,400 ரூபாய். ஆக மொத்தம் 48,00,000. பட்டியல் இப்படி இருந்தது:

முன்பணம் – 10%
பேஸ்மென்ட் முடிந்ததும் – 15%
லிண்டல் மட்டம் வந்ததும் – 10%
தளம் கான்கிரீட் போடும்போது, தளம் ஒன்றுக்கு – 20%
சுவர், பூச்சு வேலை முடிந்ததும் – 15%
டைல்ஸ், கதவு, ஜன்னல் – 15%
எலக்ட்ரிகல், பிளம்பிங், பெயிண்டிங் – 10%
சாவி ஒப்படைக்கும்போது – 5%

நண்பர் விவரமானவர். கூட்டிப் பார்த்திருந்தார். பக்கத்தில் பென்சிலால் 100 என்று எழுதி ஒரு டிக் வேறு போட்டிருந்தார். நீங்களும் கூட்டிப் பாருங்கள், நூறுதான் வரும்.

நாலாவது வரியை மறுபடி படியுங்கள். "தளம் ஒன்றுக்கு." வீட்டில் தளம் எத்தனை? கீழ்வீட்டுக்கு ஒன்று, மேல்வீட்டுக்கு ஒன்று. இரண்டு தடவை 20. அந்த வரி பட்டியலில் ஒரு தரம் இருக்கிறது, ஆனால் செக் இரண்டு தரம் போகும். மொத்தம் 120. ரூபாயில் 57,60,000. வித்தியாசம் 9,60,000 ரூபாய், இரண்டு வார்த்தைக்குள் உட்கார்ந்திருக்கிறது. மாடிப்படிக்கு மேலே ஹெட்ரூம் இருந்ததே, அதன் மேல் போடும் சின்னத் தளமும் ஒரு தளம்தான் என்று ஒருவர் வாதாடினால் என்ன ஆகும் என்பதை நான் நண்பரிடம் சொல்லவில்லை. அவருக்கு ஏற்கெனவே பிரஷர் உண்டு.

"மொத்தம் 48 லட்சம் என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறதே, அதற்கு மேல் எப்படிக் கேட்பார்?" என்றார் நண்பர். நல்ல கேள்வி. மேலே கேட்கவே வேண்டாம் என்பதுதான் இதில் இருக்கும் விஷயம். பணம் போகும் வரிசையைப் பாருங்கள். முன்பணம், பேஸ்மென்ட், லிண்டல், இரண்டு தளம். பத்து, இருபத்தைந்து, முப்பத்தைந்து, ஐம்பத்தைந்து, எழுபத்தைந்து. மேல்தளம் போட்ட அன்று 36 லட்சம் கை மாறியிருக்கும். சுவரும் பூச்சும் முடிந்தால் 90 சதவீதம், அதாவது 43,20,000. மீதி உங்கள் கையில் இருப்பது 4,80,000. ஆனால் பட்டியல்படி இன்னும் டைல்ஸுக்கு 7,20,000, பெயிண்டிங் வகைக்கு 4,80,000, சாவிக்கு 2,40,000 என்று 14,40,000 நிற்கிறது. டைல்ஸ் பாதி ஒட்டும்போதே 48 லட்சம் தீர்ந்துவிடும். அப்போது ஒப்பந்ததாரர் கோர்ட்டுக்குப் போக மாட்டார். ஆள் அனுப்புவதை நிறுத்துவார், அவ்வளவுதான். கதவு இல்லாத, பெயிண்ட் இல்லாத வீட்டை வைத்துக்கொண்டு, வாடகை வீட்டில் உட்கார்ந்து, நீங்கள்தான் அவருக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் முதல் பக்கத்தைக் காட்டுவீர்கள், அவர் கடைசிப் பக்கத்தைக் காட்டுவார். இரண்டிலும் உங்கள் கையெழுத்து இருக்கும்.

இங்கே ஒப்பந்ததாரர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். தளம் போடும் வாரத்தில் அவருக்குப் பணம் பெரிதாகத் தேவைப்படும். கம்பி, சென்ட்ரிங் வாடகை, ரெடிமிக்ஸ் லாரி எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். அதனால் தளத்துக்குப் பெரிய சதவீதம் கேட்பதில் தப்பில்லை. நண்பரின் ஒப்பந்ததாரரை நான் நேரில் கேட்டபோது அவர் கோபப்படவில்லை. தரைத்தள வீட்டுக்கு அடித்து வைத்திருந்த ஃபார்மட்டில், மாடி வீடு என்பதால் "தளம் ஒன்றுக்கு" என்று அவர் ஆபீஸ் பெண் சேர்த்திருக்கிறாள் என்றார். இருக்கலாம், நான் நம்புகிறேன். ஆனால் டைப்பிங் பிழை என்பதால் 9,60,000 சின்னத் தொகையாகிவிடாது. கையெழுத்தான பிறகு அது பிழை இல்லை, ஷரத்து.

அதனால்தான், சதவீதப் பத்தியைக் கூட்டுவது போதாது என்கிறேன். நீங்கள் எழுதப்போகும் செக்குகளைக் கூட்ட வேண்டும். ஒரு பழைய கணக்கு நோட்டில் ஒரு வரிக்கு ஒரு செக் என்று எழுதுங்கள். கீழ்த்தளம் ஒரு வரி, மேல்தளம் ஒரு வரி. லிண்டலும் அப்படித்தான். லிண்டல் கீழே ஒன்று, மேலே ஒன்று உண்டு, ஒப்பந்தம் எதைச் சொல்கிறது என்று கேட்டு எழுதுங்கள். சதவீதத்தை விட்டுவிட்டு ரூபாயாக எழுதுங்கள். பக்கத்தில் அதுவரை கொடுத்த மொத்தத்தை ஏற்றிக்கொண்டே வாருங்கள். கடைசி வரியில் மொத்தம் 48,00,000 என்று ரூபாய் பிசகாமல் நிற்க வேண்டும். கடைசிக்கு முன்பே நின்றால் எங்கோ இரட்டிப்பு இருக்கிறது. கடைசி வரியிலும் வந்து சேரவில்லை என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

பையன் எக்ஸெலில் போட்டுத் தருகிறேன் என்பான். தாராளமாகச் செய்யட்டும், ஆனால் ஒன்றைச் சொல்லுங்கள். ஒப்பந்தத்திலிருந்து அப்படியே எடுத்து C பத்தியில் ஒட்டிவிட்டு

```
=SUM(C2:C9)
```

என்று போட்டால், எண் இருக்கும் கட்டங்களை மட்டும்தான் அது கூட்டும். "தளம் ஒன்றுக்கு 20%" என்று எழுத்தோடு இருக்கும் கட்டத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். நண்பரின் பட்டியலுக்கு 80 என்று விடை வரும். காகிதத்தில் 100, எக்ஸெலில் 80, நிஜத்தில் 120. மூன்று விடை வரும் கணக்கை ஆபீஸில் யாராவது என் மேஜைக்குக் கொண்டுவந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பதை இங்கே எழுத முடியாது.

இனி, நூறுக்குக் குறைவாக வரும் பட்டியல். இதைப் பார்த்தால் நம்மவர்களுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். "95தான் வருது, அவன் கவனிக்கல, நமக்கு லாபம், வாயைத் திறக்காதே" என்று வீட்டில் கிசுகிசுப்பார்கள். இது லாபமே இல்லை. மொத்தத் தொகை 48 லட்சம் என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது. மிச்சமிருக்கும் 5 சதவீதம், 2,40,000 ரூபாய், எங்கேயும் போகவில்லை. எந்த வேலைக்கு என்று பெயர் வைக்காமல் நிற்கிறது. பெயர் இல்லாத பணத்தை எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். பூச்சு வேலை நடுவில், "அந்த அஞ்சு பர்சென்ட்டைக் கொஞ்சம் இப்ப ரிலீஸ் பண்ணுங்க சார்" என்பார். நீங்கள் மறுப்பதற்கு ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இருக்காது. அந்த 5 சதவீதத்துக்கு நீங்களே பெயர் வையுங்கள். என் யோசனை, சாவி வாங்கிய பிறகு வரும் ஒரு ஐப்பசி கார்த்திகை கழியும் வரை நிறுத்தி வைக்கும் தொகை என்று எழுதுவது. நம் பக்கம் வடகிழக்குப் பருவமழையில் ஒழுகாத தளம்தான் தளம். மே மாதம் சாவி வாங்கும்போது எல்லா மொட்டை மாடியும் நன்றாகத்தான் இருக்கும்.

இன்னொரு வகை உண்டு, இதுதான் ரொம்பப் பேரை ஏமாற்றுவது. சதவீதம் எதன் மேல்? "முன்பணம் போக மீதித் தொகையில்" என்று ஒரு அரை வரி பட்டியலுக்கு மேலே இருக்கும். முன்பணம் 10 சதவீதம், அதற்குப் பிறகு வரும் வரிகள் 90 சதவீதம். கூட்டினால் நூறு, பார்க்க ஒழுங்கு. ஆனால் அந்த 90, மீதியாகிய 43,20,000-இன் மேல் கணக்கிட்டால் 38,88,000தான் வரும். முன்பணம் 4,80,000-ஐச் சேர்த்தால் 43,68,000. ஒப்பந்தத் தொகைக்கு 4,32,000 குறைகிறது. மறுபடியும் அதே பெயரில்லாத பணம். மீதித் தொகையின் மேல் என்றால் மற்ற வரிகள் மட்டுமே கூட்டி நூறு வர வேண்டும். மொத்தத் தொகையின் மேல் என்றால் முன்பணத்தையும் சேர்த்து நூறு வர வேண்டும். இரண்டில் எது என்று ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வாக்கியம் இருந்தால் போதும். ஜி.எஸ்.டி.யும் இப்படித்தான். 48 லட்சத்துக்குள் அது அடக்கமா, தனியா என்று எழுதாமல் விட்டால், 18 சதவீதம் என்றால் 8,64,000. ஒவ்வொரு செக்கோடும் அது ஒட்டிக்கொண்டு வரும். சம்ப், காம்பவுண்டு சுவர், ஏரிக்கரைப் பக்கம் மண் சரியில்லை என்று அஸ்திவாரத்தை ஆழமாக்குவது போன்ற கூடுதல் வேலைகளை இந்தப் பட்டியலுக்குள் விடவே விடாதீர்கள். தனிக் காகிதம், தனித் தொகை, தனி செக்.

"வங்கிக் கடன் வாங்குகிறோம், வங்கிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டிய அளவுக்கு ஏற்பவே வீட்டுக் கடனை விடுவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது. வீடு எழும்புவதற்கு முன்பே கடனின் பெரும்பகுதியை பில்டர் கையில் கொடுத்த 80:20 திட்டங்களைப் பார்த்து எழுதியது அது. எனவே வங்கி தன் பொறியாளரை அனுப்பி, கட்டடம் எத்தனை சதவீதம் முடிந்திருக்கிறது என்று மதிப்பிட்டுத்தான் பணம் தரும். அவர் உங்கள் ஒப்பந்தத்தைக் கூட்டிப் பார்ப்பதற்கு வருவதில்லை. அவர் கணக்கில் மேல்தளம் முடிந்த வீடு 55 என்றும் உங்கள் ஒப்பந்தத்தில் 75 என்றும் இருந்தால், நடுவில் இருக்கும் 20-ஐ உங்கள் சேமிப்பிலிருந்து போட வேண்டியது நீங்கள்தான். வங்கி தன் பணத்தைப் பார்த்துக்கொள்கிறது. உங்கள் பணம் அதன் கவலை இல்லை.

"ரெரா இருக்கிறதே" என்பார் இன்னொருவர். 2016-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, எழுத்து மூலம் ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று பில்டரைக் கட்டிப்போடுகிறது. நல்ல பிரிவுதான். ஆனால் அது ஃபிளாட்டோ மனையோ விற்கிற புரமோட்டருக்கு. உங்கள் சொந்த மனையில் உங்களுக்காக வீடு கட்டித் தரும் ஒப்பந்ததாரர் உங்களுக்கு எதையும் விற்கவில்லை. அந்தச் சட்டம் இங்கே துணைக்கு வராது. நுகர்வோர் ஆணையம் உண்டு. வீடு கட்டித் தருவதும் சேவைதான் என்று 1993-லேயே சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். வேலையில் குறை என்றால் அங்கே போகலாம். ஆனால் அங்கே போனாலும் முதலில் கேட்பது ஒப்பந்தத்தைத்தான். ஒப்பந்தத்தின்படி எந்தக் கட்டத்தில் எவ்வளவு கொடுத்திருக்க வேண்டும், எவ்வளவு கொடுத்தீர்கள் என்ற கேள்விக்கு உங்கள் காகிதமே இரண்டு பதில் சொன்னால், உங்கள் வக்கீலுக்குப் பாதி நாள் அதை விளக்கவே போய்விடும்.

சொல்லி வைத்ததுபோல எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் இடம், "நம்பிக்கையில்தானே சார் எல்லாம். ஆரம்பத்திலேயே கணக்குக் கேட்டால் மேஸ்திரி மனசு கோணிடும்." எனக்கு இது புரியவே மாட்டேன் என்கிறது. கம்பி எத்தனை கிலோ வந்தது என்று அவர் லாரிக்காரரிடம் எடைச் சீட்டு கேட்கிறார். சித்தாளுக்கு எத்தனை நாள் என்று சனிக்கிழமை தோறும் நோட்டைப் பார்த்துத்தான் கூலி கொடுக்கிறார். கணக்கில் வாழ்கிற மனிதர் அவர். நம் கணக்கைக் கேட்டால் மட்டும் அவர் மனசு கோணும் என்பது நாமாக எழுப்பும் பேய். நண்பரின் ஒப்பந்ததாரர் பட்டியலைத் திருத்த எடுத்துக்கொண்ட நேரம், காபி ஆறும் நேரம்கூட இல்லை. "தளம் ஒன்றுக்கு 20%" போய், "கீழ்த்தளம் 10%, மேல்தளம் 10%" வந்தது. பத்து போதாது, கம்பிக்கே கட்டுப்படியாகாது என்றார், அது உண்மை. அதனால் லிண்டலில் இருந்து 4 எடுத்துத் தளத்துக்கு இரண்டிரண்டாகச் சேர்த்தோம். 12, 12, லிண்டல் 6. கூட்டினால் மறுபடி நூறு. செக்காகக் கூட்டினாலும் நூறு. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ரூபாயை எழுத்தால் எழுதி, இருவரும் அந்தப் பக்கத்தில் தனியாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

மேல்தளம் முடிந்த அன்று நண்பர் கொடுத்திருந்த மொத்தம் 26,40,000. பழைய பட்டியல்படி அது 36,00,000 ஆக இருந்திருக்கும். இப்போது டைல்ஸ் ஒட்டி முடிந்து, பெயிண்டர் உள்ளே வந்திருக்கிறார். ஒப்பந்ததாரர் வாரம் இரண்டு முறை வருகிறார், இன்னும் அவருக்கு வர வேண்டிய பணம் இருக்கிறதே.

போன வாரம் கேம்ப் ரோடு பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் தன் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். சென்ட்ரிங் பிரிக்கும்போது 3 சதவீதம் என்று அதில் பேனாவால் எழுதிச் சேர்த்த வரி ஒன்று இருக்கிறது. மற்ற வரிகள் கூட்டினால் நூறு. கையெழுத்து திங்கட்கிழமை என்றார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒப்பந்ததாரரையும் அழைத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.